பிட்காயின் வைத்திருப்பவர் இறந்தபின் குடும்பம் எடுப்பது எப்படி? சாவியை முன்கூட்டியே கொடுக்காத ஏற்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வாலெட்டின் சாவியான 24 சொற்களை எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டால் போதாதா? அவளை நம்பாமல் யாரை நம்புவது?

நம்பிக்கை இங்கே பிரச்சினையே இல்லை. அந்தச் சொற்களை ஒருமுறை பார்த்தவர் எவரும், உலகின் எந்த மூலையிலிருந்தும், உங்களிடம் கேட்காமலே பணத்தை எடுக்க முடியும். நகை காணாமல் போனால் பெட்டி காலியாக இருப்பது தெரியும். சொற்களை யாராவது படம் பிடித்துக்கொண்டால் தாள் இருந்த இடத்திலேயே இருக்கும், திருட்டு நடந்ததே தெரியாது.

முன்கூட்டியே கசிவது பெரும்பாலும் நல்ல எண்ணத்தால்தான். தாள் தொலைந்துவிடக் கூடாதே என்று மனைவி அதை மொபைலில் படம் எடுப்பார். அந்தப் படம் தானாக கூகுள் ஃபோட்டோஸுக்குப் போய்விடும். மகளுக்கும் தெரிந்திருக்கட்டும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் சொற்கள் நான்கு இடங்களுக்குப் போய்விட்டன. ஆகவே தேடவேண்டிய ஏற்பாடு, குடும்பத்தார் கையில் இருக்கும் பொருள் இன்று வெளியே தெரிந்தாலும் பணம் போகாமல் இருக்கிற ஏற்பாடு.

சொற்களை மூன்று தாளில் பிரித்து, எந்த இரண்டு தாள் சேர்ந்தாலும் முழுதாகும்படி மூன்று பேரிடம் கொடுக்கலாமா?

சீட் எனப்படும் அந்தச் சாவிச் சொற்கள் 12 மட்டுமே என்றால் கண்டிப்பாக வேண்டாம். இந்த முறையில் ஒவ்வொரு தாளிலும் 8 சொற்கள் இருக்கும், விடுபட்டவை 4 மட்டுமே. சொற்பட்டியலில் மொத்தம் 2048 சொற்கள். நான்கு இடங்களுக்கு 2048-ஐ நான்குமுறை பெருக்க வேண்டும். ஆனால் கடைசிச் சொல்லில் பிழைசரிபார்ப்பு ஒளிந்திருப்பதால் பதினாறில் ஒன்றுதான் செல்லுபடியாகும். மிஞ்சுவது சுமார் 1.1 லட்சம் கோடி சேர்க்கைகள். கேட்கப் பெரிதாக இருந்தாலும் கணினிக்கு அது பெரிதல்ல. 2020-ல் ஒரு பரிசுப் போட்டியில் 8 சொற்கள் வெளியானதும், ஒரு புரோகிராமர் வாடகைக்கு எடுத்த கிராஃபிக்ஸ் கார்டுகளால் சுமார் 30 மணி நேரத்தில் மீதி நான்கையும் கண்டுபிடித்து ஒரு பிட்காயினை எடுத்துக்கொண்டார்.

24 சொற்களை இப்படிப் பிரித்தால் ஒரு தாளில் 8 சொற்கள் குறையும். அதை இன்று யாரும் உடைக்க முடியாது. ஆனாலும் பாதுகாப்பில் பெரும்பகுதியை நீங்களே வெட்டிவிட்டீர்கள், தாள்களில் வரிசை எண் குழம்பினால் குடும்பம் திண்டாடும். பிரிப்பதற்கென்றே உருவான ஷமீர் முறை இருக்கிறது. அதில் ஒரு பங்கு மட்டும் கிடைத்தால் எதுவும் தெரியாது. ஆனால் அந்தச் சொற்கள் வேறு பட்டியலிலிருந்து வருபவை, அந்த முறையை ஏற்கும் வாலெட்டில் மட்டுமே திறக்கும். அந்த மாடலின் பெயரையும் எழுதி வைக்காவிட்டால் பின்னால் வருபவர்கள் சாதாரண வாலெட்டில் போட்டுப் பார்த்து ‘தவறான சொல்’ என்ற செய்தியோடு நின்றுவிடுவார்கள்.

உயிலில் எழுதிப் பதிவு செய்துவிட்டால் சட்டப்படி பாதுகாப்புதானே?

சொற்களை உயிலில் எழுதவே கூடாது. எழுதுபவர், சாட்சிகள் இருவர், டைப் அடித்தவர் என்று முதல் நாளே பலர் கண்ணில் படும். பதிவான உயில் பதிவகத்தின் மூன்றாம் புத்தகத்தில் ஏறும். பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோதான். இறந்தபின் விண்ணப்பிக்கும் எவருக்கும் நகல் கிடைக்கும். மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் ஒப்படைத்தாலும், இறந்தபின் திறந்ததும் அதே புத்தகத்தில்தான் நகலெடுப்பார்கள்.

உயிலில் எழுதவேண்டியது யாருக்கு எவ்வளவு என்பது மட்டும். ‘என் பெயரிலோ என் கட்டுப்பாட்டிலோ உள்ள மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகள் அனைத்தும்’ என்ற சொற்றொடர் போதும். தொகையும் வேண்டாம், வாலெட் பெயரும் வேண்டாம்.

பேங்க் லாக்கரில் வைத்தால்?

நல்ல இடம்தான், இரண்டு விஷயம் தெரிந்து வைத்தால். முதலாவது, லாக்கர் எந்த முறையில் இருக்கிறது என்று பாருங்கள். கணவன் மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று இருந்தால், உள்ளே இருப்பது இன்றே இருவர் கையிலும் இருப்பதாகத்தான் அர்த்தம். உங்கள் தனிப்பெயரில் எடுத்து மனைவியை நாமினியாக்கினால், இறப்புச் சான்றிதழைக் காட்டிய பிறகே அவருக்குத் திறக்கும். அந்தச் சான்றிதழ்தான் இங்கே காலப்பூட்டு.

இரண்டாவது, நாமினிக்குத் திறக்கும்போது வங்கி அலுவலரும் வெளிச் சாட்சிகள் இருவரும் உட்கார்ந்து உள்ளே இருப்பதைப் பட்டியல் எடுப்பார்கள். சொற்கள் பொறித்த ஸ்டீல் தகட்டை வெறுமனே வைத்திருந்தால் மூன்று அந்நியர்கள் அதைப் படிப்பார்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, மூடி முத்திரையிட்ட பொட்டலத்தை, சட்டம் கட்டாயப்படுத்தினாலன்றி, வங்கி பிரிக்கக் கூடாது. ஆகவே தகட்டைக் கறுப்புத் தாளில் சுற்றி, உறையில் போட்டு, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்திட்டு வையுங்கள். உறையின் மேல் ‘பிட்காயின்’ என்று எழுத வேண்டாம், உங்கள் பெயரும் தேதியும் போதும்.

சீட் சொற்கள் ஓரிடம், அவற்றோடு நானே சேர்க்கும் ரகசியச் சொற்றொடரான பாஸ்ஃபிரேஸ் வேறிடம் என்று வைப்பது எளிதாக இருக்கிறதே. அதையே செய்யலாமா?

தொகை சிறிது, வீட்டில் கணினி தெரிந்தவர் யாருமில்லை என்றால் இதைத்தான் செய்யச் சொல்வோம். சொற்கள் லாக்கரில், பாஸ்ஃபிரேஸ் மகள் வீட்டில். ஒன்று மட்டும் கிடைத்தவருக்குப் பணம் வராது.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. பாஸ்ஃபிரேஸைத் தவறாக அடித்தால் வாலெட் ‘தவறு’ என்று சொல்லாது. எந்த எழுத்தை அடித்தாலும் அதற்கென்று ஒரு வாலெட் திறக்கும், அதில் இருப்பு பூஜ்யமாக இருக்கும். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் நமக்கு இது இன்னும் ஆபத்து. குலதெய்வத்தின் பெயரோடு பிறந்த ஊரைச் சேர்த்து வைத்திருப்பார் அப்பா. மகள் `Meenakshi` என்று அடிப்பாள், அவர் வைத்தது `Meenatchi`. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி என ஒவ்வொன்றும் வேறு வாலெட். தமிழ் எழுத்திலேயே வைக்கலாம் என்றால் சாவியைத் தனிக் கருவியில் வைக்கும் பல ஹார்ட்வேர் வாலெட்டுகளில் அதைத் தட்டவே வழியில்லை.

தாயக்கட்டை உருட்டி ஆங்கிலச் சொற்பட்டியலிலிருந்து எடுத்த ஆறு சொற்கள், எல்லாம் சின்ன எழுத்து, இடையில் ஒரே ஒரு இடைவெளி என்று வையுங்கள். 7776 சொற்கள் உள்ள பட்டியலில் ஆறு சொற்களை யாராலும் ஊகிக்க முடியாது. பக்கத்திலேயே அந்த வாலெட்டின் எட்டு எழுத்துக் கைரேகையையும் எழுதுங்கள். வாலெட் மென்பொருளில் `fingerprint` என்ற இடத்தில் `a1b2c3d4` போலத் தெரியும். திறந்தவுடன் அந்த எட்டு எழுத்தும் ஒத்துப்போனால் சரியாக அடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

இம்முறையின் குறை, இரண்டில் ஒன்று தொலைந்தாலும் எல்லாம் போச்சு. ஆகவே ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி வேண்டும்.

நான் உயிரோடு இருக்கும்வரை வேலை செய்யாத ஒரு சாவியை மகளிடம் கொடுக்க முடியுமா?

முடியும். பிட்காயினில் இதை நெட்வொர்க்கே காவல் காக்கும். ஒரு வாலெட்டை இரண்டு வழிகளோடு உருவாக்கலாம். உங்கள் சாவி எப்போதும் வேலை செய்யும். மகளுடைய சாவி, பதிவேட்டில் இத்தனை பிளாக், அதாவது பரிவர்த்தனைத் தொகுதிகள், புதிதாகச் சேரும்வரை பணம் ஒரே இடத்தில் அசையாமல் கிடந்த பிறகுதான் வேலை செய்யும். அதற்குமுன் அவள் கையெழுத்திட்டு அனுப்பினால் நெட்வொர்க் `non-BIP68-final` என்று திருப்பி அனுப்பிவிடும். வக்கீலோ கம்பெனியோ நடுவில் தேவையில்லை.

பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்ற கணக்கில் நாளுக்கு 144 வரும். ஓராண்டு என்பது 52,560 பிளாக். இந்த வகைப் பூட்டில் வைக்கக்கூடிய உச்சம் 65,535, அதாவது சுமார் 15 மாதம். லியானா என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே எழுதப்பட்டது.

நமக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். காரணம், மகளின் சாவி இன்று திருடு போனாலும் திருடனுக்கு அது வெறும் தாள். உங்களுக்கு விஷயம் தெரிந்ததும் பணத்தை வேறு வாலெட்டுக்கு மாற்றிவிடலாம், அவகாசம் மாதக்கணக்கில் இருக்கிறது.

ஒரு குடும்பத்தை வைத்து முழுவதும் சொல்லுங்கள். எதை, எங்கே, எத்தனை?

மதுரையில் 58 வயதுக்காரர், மனைவி, கோயம்புத்தூரில் மகள், அப்பாவிடம் 0.8 பிட்காயின் என்று வைத்துக்கொள்வோம். வாங்கவேண்டியது ஹார்ட்வேர் வாலெட் இரண்டு, ஸ்டீல் தகடு இரண்டு. எல்லா ஹார்ட்வேர் வாலெட்டும் இப்படிப்பட்ட நிபந்தனையைப் புரிந்துகொள்ளாது. லெட்ஜர், பிட்பாக்ஸ்02, கோல்ட்கார்ட், ஜேட் ஆகியவற்றில் மினிஸ்கிரிப்ட் வசதி உண்டு. குறிப்பிட்ட மாடலில் இருக்கிறதா என்று உறுதிசெய்துவிட்டு வாங்குங்கள்.

மகள் தன் கருவியில் தானே 24 சொற்களை உருவாக்கித் தகட்டில் பொறித்து வைத்துக்கொள்கிறாள். அப்பாவிடம் தருவது `xpub` என்று தொடங்கும் பொதுச் சாவியை மட்டும். அதாவது அப்பாவுக்கு மகளின் சொற்கள் தெரியாது, மகளுக்கு அப்பாவின் சொற்கள் தெரியாது. அப்பா தன் கணினியில் லியானாவைத் திறந்து, முதன்மைச் சாவி இடத்தில் தன் கருவியையும், மீட்புச் சாவி இடத்தில் மகளின் `xpub`-ஐயும் வைத்து, காலத்தை 52,560 என்று போடுகிறார். பிறகு கருவியின் திரையில் வரும் விதியையும் சாவிகளையும் சரிபார்த்துப் பதிவு செய்கிறார். கடைசியில் மென்பொருள் இப்படி ஒரு வரியைத் தரும்:

```
wsh(or_d(pk([a1b2c3d4/48'/0'/0'/2']xpub.../<0;1>/*),
and_v(v:pkh([e5f6a7b8/48'/0'/0'/2']xpub.../<0;1>/*),older(52560))))#...
```

இதன் பெயர் டிஸ்கிரிப்டர். உண்மையில் ஒரே வரி, புள்ளி வைத்த இடங்களில் நீளமான எழுத்துக்கோவை வரும். முதல் பாதி அப்பாவின் சாவி, இரண்டாம் பாதி மகளின் சாவி, `older(52560)` என்பதுதான் பூட்டு.

வைக்கும் இடங்கள்: அப்பாவின் கருவி வீட்டில். அவருடைய தகடு அவர் தனிப்பெயர் லாக்கரில் முத்திரையிட்ட உறையில், நாமினி மனைவி. மகளின் கருவியும் தகடும் கோயம்புத்தூரில், முடிந்தால் வேறு வேறு இடங்களில். டிஸ்கிரிப்டர் அச்சுத்தாளிலும் பென்டிரைவிலும் வீட்டில் ஒன்று, மகளிடம் ஒன்று. லாக்கரில் டிஸ்கிரிப்டரை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உறை கைமாறி யாராவது சொற்களை மட்டும் சாதாரண வாலெட்டில் போட்டால் பூஜ்யம்தான் தெரியும்.

இப்போது குடும்பத்துக்கு இரண்டு வழி. இறப்புச் சான்றிதழோடு மனைவி லாக்கரைத் திறந்தால், வீட்டு டிஸ்கிரிப்டரைச் சேர்த்து உடனே எடுக்கலாம். லாக்கரில் சிக்கல் வந்தாலும், வீடு தீப்பிடித்தாலும், மகள் காத்திருந்து எடுக்கலாம். அப்பாவும் மகளும் ஒரே விபத்தில் போய்விட்டால் என்ற கவலை இருந்தால், 65,535 பிளாக்கில் திறக்கும் மூன்றாவது வழியைத் தம்பி பெயரில் அதே வாலெட்டில் சேர்க்கலாம்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும்? நான் இறந்த நாளிலிருந்தா?

இல்லை, இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நீங்கள் இறந்தது நெட்வொர்க்குக்குத் தெரியாது, மென்பொருளை எப்போது திறந்தீர்கள் என்பதும் தெரியாது. வாலெட்டுக்குள் வந்த ஒவ்வொரு தொகைக்கும் அது பிளாக்கில் ஏறிய கணத்திலிருந்து தனிக் கடிகாரம் ஓடுகிறது. ஜனவரியில் வந்த தொகைக்கும் ஜூலையில் வந்த தொகைக்கும் ஆறு மாத வித்தியாசம் இருக்கும்.

ஆகவே ஆண்டு முடிவதற்குள் நீங்கள் கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். அதாவது பணத்தை உங்கள் வாலெட்டிலிருந்து அதே வாலெட்டின் புது முகவரிக்கு அனுப்ப வேண்டும். லியானாவில் அந்தத் தொகையின் பக்கத்திலேயே இதற்கான பொத்தான் இருக்கிறது. நான்கு தொகைகளை ஒன்றாக்கி அனுப்பினால் பரிவர்த்தனை சுமார் 360 வர்ச்சுவல் பைட் வரும். பிட்காயினின் மிகச் சிறிய அலகு சதோஷி. கட்டணம் பைட்டுக்கு 5 சதோஷி என்ற நாளில் சுமார் 1,800 சதோஷி செலவாகும். நெட்வொர்க் நெரிசலாக இருக்கும் வாரத்தைத் தவிர்த்துக்கொள்ளலாம், கையில் மாதங்கள் இருக்கின்றன. தொகைகளை ஒன்றாக்கினால் அவை ஒரே ஆளுடையவை என்பது பொதுப் பதிவேட்டில் தெரியும். அது பிடிக்காதவர்கள் தனித்தனியாக அனுப்பலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தை மாதமும் ஆடி மாதமும் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் எந்த நாளில் இறந்தாலும் மகள் காத்திருக்க வேண்டியது ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம். அது அதிகம் என்று தோன்றினால் 26,280 பிளாக் வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருப்பலாம். காத்திருப்பு மூன்றிலிருந்து ஆறு மாதமாகக் குறையும், ஆனால் நீங்கள் மறக்கக்கூடிய இடைவெளியும் சுருங்கும். தவறாமல் செய்யும் பழக்கம் இல்லாதவர்கள் ஓராண்டுக்குக் கீழே போக வேண்டாம்.

நான் நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திருப்பி வைக்க முடியாமல் போனால் பணம் தானாக மகளுக்குப் போய்விடுமா?

தானாக எதுவும் போகாது. காலம் முடிந்தால் மகளுடைய சாவியும் வேலை செய்யத் தொடங்கும், அவ்வளவுதான். உங்கள் சாவி முன்போலவே இருக்கும். உடம்பு தேறி வந்ததும் ஒரு முறை அனுப்பினால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். ஆபத்து ஒன்றே: அந்த இடைவெளியில் மகளின் சாவி வேறு யாரிடமாவது இருந்தால் அவர் எடுத்துவிடலாம். அதனால் மகளும் தன் தகட்டை உங்களுடையதைப் போலவே காக்க வேண்டும். ‘இது இப்போதைக்குச் செல்லாத சாவிதானே’ என்ற அலட்சியம் அவளுக்கு வரக் கூடாது.

அப்பா சொற்களைப் போட்டுப் பார்த்தோம், பூஜ்யம் காட்டுகிறது. பணம் போய்விட்டதா?

பெரும்பாலும் போயிருக்காது. இந்த வகை வாலெட்டில் சொற்கள் சாவி மட்டுமே, முகவரிகள் எவை என்று டிஸ்கிரிப்டர்தான் சொல்லும். சொற்களை மட்டும் சாதாரண வாலெட்டில் போட்டால் அது ஒற்றைச் சாவி முகவரிகளைத் தேடும், அங்கே ஒருபோதும் பணம் இருந்ததில்லை. பாஸ்ஃபிரேஸ் வாலெட்டிலும், மூன்றில் இருவர் கையெழுத்திடும் வாலெட்டிலும் இதே காட்சிதான் வரும். மூன்றில் இருவர் முறையில் இரண்டு சீட் மட்டும் கையில் இருந்து, மூன்றாமவரின் `xpub` எங்கும் இல்லையென்றால் பணத்தை எடுக்கவே முடியாது. அந்த `xpub` டிஸ்கிரிப்டரில்தான் இருக்கிறது.

டிஸ்கிரிப்டர் இருந்தால் இருப்பைப் பார்க்கலாம், எடுக்க முடியாது. அதனால் அதைச் சொற்களைப் போல ஒளித்துவைக்க வேண்டியதில்லை. எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரிவது மட்டும்தான் அதிலுள்ள சங்கடம். கையால் எழுதாதீர்கள், ஒரு எழுத்து தவறினாலும் கடைசியில் இருக்கும் எட்டு எழுத்துச் சரிபார்ப்பு ஏற்காது. அச்சிட்டு, பக்கத்தில் கியூஆர் படத்தையும் சேர்த்து வையுங்கள்.

பூஜ்யம் தெரிந்த அந்த மணி நேரம்தான் மோசடிக்காரர்களின் நேரம். ‘தொலைந்த வாலெட்டை மீட்டுத் தருகிறோம்’ என்பவர்களிடம் சொற்களைக் கொடுத்தால் அதோடு முடிந்தது.

குடும்பத்துக்கு எழுதி வைக்கும் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

இரகசியம் எதுவும் இருக்கக் கூடாது, வழி மட்டும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் போதும்.

‘என்னிடம் பிட்காயின் இருக்கிறது. வாலெட் லியானா மென்பொருளில் உருவானது. டிஸ்கிரிப்டர் வீட்டுப் பீரோவில் நீலக் கோப்பிலும், மகளிடமும் இருக்கிறது. என் தகடு லாக்கர் உறையில் இருக்கிறது. மகளின் சாவி கடைசியாகப் பணம் நகர்ந்த நாளிலிருந்து ஓராண்டு கழித்துத் திறக்கும். அவசரமே இல்லை, பணம் எங்கும் போகாது. சொற்களைக் கேட்பவர் யாராக இருந்தாலும் திருடர். எந்த இணையதளத்திலும் அவற்றை அடிக்காதீர்கள், கருவியில் மட்டும் அடியுங்கள்.’

இதில் ‘அவசரமே இல்லை’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். காரியம் முடியாத வீட்டில், அழுத கண்ணோடு, இரவு பன்னிரண்டு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்து தவறு செய்பவர்களைத் தடுப்பது அந்த வரிதான். கடிதத்தில் தேதி போட்டு, ஏற்பாடு மாறும்போதெல்லாம் பழையதைக் கிழித்துவிடுங்கள். பழைய கடிதமும் புதிய கடிதமும் சேர்ந்திருந்தால் எது உண்மை என்று சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

இது வேலை செய்யும் என்று நான் உயிரோடு இருக்கும்போதே எப்படித் தெரிந்துகொள்வது?

ஒத்திகை பாருங்கள். இன்னொரு வாலெட் உருவாக்கி, பூட்டை 144 பிளாக், அதாவது ஒரு நாள் என்று வையுங்கள். 20,000 சதோஷி அனுப்புங்கள். கடிதத்தையும் டிஸ்கிரிப்டரையும் மட்டும் மகளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வாய் திறக்காதீர்கள். அவள் லியானாவைப் புதிய கணினியில் நிறுவி, டிஸ்கிரிப்டரை உள்ளிட்டு, தன் கருவியில் விதியைப் பதிவு செய்ய வேண்டும். இருப்பு தெரிந்தால் டிஸ்கிரிப்டர் சரி. முதல் நாள் `Recovery` பகுதியில் எடுக்கத்தக்க தொகை எதுவும் இருக்காது, பூட்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். 144 பிளாக் கடந்ததும் தொகை அங்கே தோன்றும். அதைத் தன் சொந்த வாலெட்டின் முகவரிக்கு அனுப்பி முடித்தால் ஒத்திகை வெற்றி.

அவள் எங்கே உங்களைக் கேள்வி கேட்டாளோ, அந்த இடத்தில் கடிதத்தில் ஒரு வரி குறைகிறது. அதை அன்றே எழுதுங்கள்.

ஒன்று கூடுதலாக. கருவியின் பின் எண்ணை ஊகித்துப் பார்க்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். லெட்ஜரில் மூன்று முறை தவறினால் கருவி அழிந்துவிடும். தகடு இருக்கும்வரை அதனால் நட்டமில்லை, புதுக் கருவியில் சொற்களை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அது தெரியாதவர் எல்லாம் போய்விட்டதென்று நினைத்துப் பதறுவார்.

என்னிடம் ஈதர், யுஎஸ்டிடி எல்லாம் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சிலும் கொஞ்சம் இருக்கிறது. இதே முறை போதுமா?

இந்தக் காலப்பூட்டு பிட்காயினுக்கு மட்டும். ஈதருக்கும் அதன் மேல் ஓடும் டோக்கன்களுக்கும் சேஃப் போன்ற, பலர் சேர்ந்து கையெழுத்திடும் ஒப்பந்தக் கணக்குகள் உண்டு. அது வேண்டாம் என்பவர்கள் மேலே சொன்ன பாஸ்ஃபிரேஸ் முறைக்குப் போகலாம். எக்ஸ்சேஞ்சில் இருப்பதற்குச் சாவியே உங்களிடம் இல்லை. குடும்பம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சில சமயம் நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்று ஆகியவற்றோடு உரிமை கோர வேண்டும். எந்த எக்ஸ்சேஞ்ச், எந்த மின்னஞ்சல் முகவரி என்பதைக் கடிதத்தில் எழுதினால் போதும், பாஸ்வேர்டு வேண்டாம்.

சாவி மகளிடம் இருப்பதால் பணமும் அவளுடையதா? வரி?

சாவி வைத்திருப்பது வேறு, உரிமை வேறு. கிரிப்டோ ஒரு சொத்து என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அவருடைய தாயாரும் உயிரோடு இருந்தால் சம பங்குக்காரர். மகள் எடுத்துத் தன் வாலெட்டில் போட்டுக்கொண்டால் பாட்டியின் பங்கையும் சேர்த்து எடுத்ததாகும். இதைத் தவிர்க்கத்தான் உயிலில் பங்கைச் சொல்லி, எடுத்துப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை மகளுக்குக் கொடுக்கிறோம்.

வாரிசாக வருவதற்கு வரி இல்லை. விற்கும்போது லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ் உண்டு, விற்பனையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. அந்த விலைக்கு ஆதாரம் இறந்தவரின் பழைய மின்னஞ்சலிலும் வங்கிக் கணக்கிலும் மட்டும் இருந்தால் குடும்பம் தேடி அலையும். ஆண்டுதோறும் எக்ஸ்சேஞ்சிலிருந்து பரிவர்த்தனை அறிக்கையை இறக்கி அச்சிட்டு, டிஸ்கிரிப்டர் இருக்கும் அதே நீலக் கோப்பில் போட்டு வையுங்கள்.